ஏழாவது வீட்டின் கமிஷன்

பாளையங்கோட்டையில் வாடகைக்கு வீடு தேடி அலுத்தவர்கள் கடைசியில் வந்து நிற்கிற இடம் சமாதானபுரத்தில் கணேஷ்ராமின் டீக்கடை. அதன் ஓரத்து பெஞ்சுதான் மதார் பாயின் ஆபீஸ். நாற்காலி, மேசை, போர்டு ஒன்றும் கிடையாது. ஒரு செல்போன், ஒரு டிவிஎஸ் வண்டி, சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தாள், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷமாக அவர் இந்த ஊரில் வீட்டு புரோக்கர். எந்தத் தெருவில் எந்த மாடியில் கழிவறைக் கதவு சரியாகச் சாத்தாது என்பதுவரை அவருக்குத் தெரியும்.

இந்தத் தொழிலில் அவர் ஒரு முறை வைத்திருந்தார். மொத்தச் செலவை ஒரே மூச்சில் சொல்லவே மாட்டார். முதலில் வாடகையை மட்டும் சொல்லுவார். வந்தவர் சமையலறையைப் பார்த்து, ஜன்னலைத் திறந்து, "காத்து நல்லா வருதே" என்று சொன்ன பிறகு அட்வான்ஸைச் சொல்லுவார். வந்தவரின் மனைவி எங்கே பீரோ வைக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்ததும் பத்திரச் செலவு வரும். தன்னுடைய ஒரு மாத வாடகைக் கமிஷனை எல்லாவற்றுக்கும் கடைசியில், கழுத்தைச் சொறிந்துகொண்டே சொல்லுவார். அதற்குள் வந்தவருக்கு அந்த வீட்டின் மேல் ஆசை பிடித்திருக்கும். மறுத்துப் பேச வாய் வராது. இதில் பொய் ஒன்றும் இல்லை, உண்மையைத் தவணையில் சொல்லுகிறோம் என்று மதார் பாய் தன் மனசுக்குச் சமாதானம் வைத்திருந்தார்.

அந்த முறையை ஒரே கேள்வியில் கவிழ்த்தவள் சுடலைவடிவு.

ஆனி மாதம் பாதி போயிருந்த ஒரு காலையில் அவள் கடைக்கு வந்தாள். நாற்பத்தாறு வயசு இருக்கும். மாஞ்சோலை எஸ்டேட்டில் இருபத்தேழு வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். எஸ்டேட் வேலை முடிந்து மலையிறங்கியதிலிருந்து சீவலப்பேரியில் தம்பி வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் இசக்கிதுரை கேரளாவில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போயிருந்தார். மகள் தனலட்சுமிக்குப் பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. காலை ஆறு மணிக்கே அங்கே இருக்க வேண்டும். சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸை நம்பி அது நடக்காது. ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சியாக வேண்டும், இல்லாவிட்டால் மகளுக்கு வேலை போய்விடும்.

மதார் பாய் வழக்கம்போல் ஆரம்பித்தார். "எட்டாயிரம் வாடகையில நல்ல வீடா காட்டுதேன் தங்கச்சி."

"வாடகை கிடக்கட்டும் அண்ணாச்சி. பூட்டைத் திறந்து உள்ள கால் வைக்கதுக்குக் கையில மொத்தம் எவ்வளவு இருக்கணும்? எல்லாத்தையும் சேத்துச் சொல்லுங்க."

பாய் கையிலிருந்த கிளாஸை பெஞ்சில் வைத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி முதல் வாயிலேயே யாரும் கேட்டதில்லை. மென்று விழுங்கிக்கொண்டு சொன்னார். அட்வான்ஸ் ஐம்பதாயிரம். முதல் மாத வாடகை எட்டாயிரம். கமிஷன் ஒரு மாத வாடகை, எட்டாயிரம். பதினொரு மாதத்துக்கு எழுதுகிற பத்திரத்துக்கு ஐநூறு. சாமான் ஏற்றிவர லோடு வண்டிக்கும் கூலிக்கும் நாலாயிரம்.

"எழுபதாயிரத்து ஐநூறு" என்றாள் அவள். தாளும் இல்லை, பேனாவும் இல்லை. "அட்வான்ஸ் முழுசாத் திரும்பி வருமா?"

"காலி பண்ணும்போது வரும். வெள்ளையடிக்கதுக்கு ஒரு மாச வாடகையைப் பிடிப்பாங்க."

"அப்ப அதுவும் செலவுதான். ஆனா இன்னைக்குப் போற செலவு இல்ல" என்று அவள் தலையாட்டிக்கொண்டாள். "எங்கிட்ட அறுபத்திரண்டாயிரம் இருக்கு அண்ணாச்சி. இதுக்கு மேல ஒரு பைசா கிடையாது. மகள் பேர்ல பேங்க்ல போட்டதை நான் தொட மாட்டேன். இதுக்குள்ள முடியுதா பாருங்க. முடியலன்னா முகத்துக்கு நேரா சொல்லிருங்க."

மதார் பாய்க்கு உள்ளூரக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் அதைவிட அதிகமாக ஒரு வியப்பு இருந்தது. பிறந்ததிலிருந்து எஸ்டேட் கம்பெனி கொடுத்த லயன் வீட்டில் இருந்தவள், வாடகை என்று ஒரு ரூபாய் கொடுத்துப் பழகாதவள், வாடகை வீட்டிலேயே தலை நரைத்தவர்கள் கேட்காததைக் கேட்டுவிட்டாளே!

அவருக்கும் அந்த வாரம் கழுத்தில் கத்தி. ஊருக்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுக்கிற மனுஷனை அவர் குடியிருந்த வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லியிருந்தார், மகன் கல்யாணமாம். மேலப்பாளையத்தில் ஒரு வீடு அமைந்திருந்தது. மனைவி ஜுபைதா பீவி போய்ப் பார்த்து, கிணற்றடி வரைக்கும் பிடித்துப்போய் வந்திருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குள் பத்தாயிரம் டோக்கன் முன்பணம் கொடுக்க வேண்டும், தவறினால் வேறு ஆளுக்கு என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். பாயின் கையில் இரண்டாயிரம் இருந்தது. சுடலைவடிவு கொடுக்கப் போகிற எட்டாயிரம் வந்தால் கணக்கு நேராகிவிடும். வராவிட்டால் ஜுபைதாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆறு வீடு காட்டினார். ஒன்றில் தண்ணீர் மாடிக்கு ஏறாது. ஒன்றில் வீட்டுக்காரர் சாதி கேட்டார். அவள் பதிலே சொல்லாமல் படியிறங்கி வந்துவிட்டாள். ஒரு வீடு எல்லாம் சரி, ஆனால் அட்வான்ஸ் எண்பதாயிரம். அங்கே அவள் உள்ளேயே போகவில்லை. "கைக்கு எட்டாததை என்னதுக்குப் பாக்கணும்? உங்க பெட்ரோலும் வீணு" என்றாள். தன் பெட்ரோலைப் பற்றிக் கவலைப்பட்ட முதல் பார்ட்டி இவள்தான் என்று பாய் நினைத்துக்கொண்டார்.

ஏழாவது வீடு மகாராஜநகரில், முதல் மாடி. மாரிசெல்வம் என்ற இரும்புக்கடைக்காரருடைய வீடு. எட்டாயிரம் வாடகை, ஐம்பதாயிரம் அட்வான்ஸ். மகள் வேலை பார்க்கப்போகிற இடத்துக்குப் பத்து நிமிஷ நடை. அங்கேதான் மதார் பாய் தன் தொழிலின் முதல் விதியை மீறினார்.

டோக்கன் கை மாறும்வரை வீட்டுக்காரரும் குடிவருகிறவரும் தனியாகச் சந்திக்கக் கூடாது. புரோக்கர் எவனைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்லுவான். சந்தித்தால் இரண்டு பேரும் சேர்ந்து நடுவில் நிற்கிறவனைக் கழற்றிவிடுவார்கள். ஆனால் சுடலைவடிவு வந்து இறங்கியது வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு. ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது. "கீழ் வீட்டுல சாவி இருக்கு தங்கச்சி, நீங்க வீட்டைப் பையப் பாத்துட்டு இருங்க. நான் தொழுதுட்டு வந்துருதேன்" என்று அவளை வாசலில் விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். இரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது வீடு பூட்டியிருந்தது. அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள் என்று கீழ் வீட்டில் சொன்னார்கள்.

சாயங்காலம் மாரிசெல்வத்துக்கு போன் போட்டார்.

"வீடு முடிஞ்ச மாதிரிதான் பாய்" என்றார் அவர், உற்சாகமாக. "மோட்டாரைப் பாக்க வந்தேன். அந்த அம்மா நின்னுக்கிட்டு இருந்துச்சு. நேர்ல பேசிட்டோம். நாளைக்கு டோக்கன். உமக்கு என்னத்துக்கு வே வீண் அலைச்சல்?"

வீண் அலைச்சல்! ஆறு வீடு ஏறி இறங்கி, ஏழாவது வீட்டுக்கு வழி காட்டி, கடைசியில் வீண் அலைச்சல். பாய்க்கு ரத்தம் தலைக்கேறியது. மாரிசெல்வத்தின் மேல் அவருக்கு அவ்வளவு கோபம் இல்லை, வீட்டுக்காரர்கள் அப்படித்தான். அவளை நினைத்துத்தான் வயிறு எரிந்தது. அறுபத்திரண்டாயிரம் என்றாளே, ஐம்பதும் எட்டும் ஐநூறும் நாலாயிரமும் சேர்த்தால் அறுபத்திரண்டாயிரத்து ஐநூறு. கமிஷனைத் தூக்கிவிட்டால் கிட்டத்தட்ட அவள் கையிருப்புதான். அவ்வளவு கணக்குத் தெரிந்தவளுக்கு இந்தக் கணக்குத் தெரியாமலா போகும்?

ராத்திரி அவள் இரண்டு தடவை கூப்பிட்டாள். பாய் எடுக்கவில்லை. சாக்குச் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தார்.

சனிக்கிழமை காலையில் டீக்கடையில் அவர் வாய் திறந்தது. சக புரோக்கர் ரசீத் சும்மா "என்ன பாய், மகாராஜநகர் முடிஞ்சுதா?" என்றுதான் கேட்டான்.

"முடிஞ்சுது, எனக்குத்தான் முடிஞ்சுது. மலையில இருந்து இறங்கி வந்தவ, பாவம்னு நினைச்சேன் பாத்துக்க. அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு ஏழு வீடு சுத்தினா. ரத்தம் குடிச்சதும் கழண்டுட்டா. நன்றி கெட்ட சென்மம்! பசப்பிப் பேசி எம் பொழப்புல மண்ணைப் போட்டுட்டா. இனி மலைக்காரின்னு எவளாவது இந்த பெஞ்சுப் பக்கம் வரட்டும், சொல்லுதேன்."

ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் என்னவெல்லாமோ சொன்னார். அதையெல்லாம் எழுதக் கூசுகிறது. பேசி முடித்து அவர் மூச்சு வாங்கியபோது கணேஷ்ராம் வடிகட்டியைத் தட்டிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"பாய், உமக்கு ஒரு சேதி. பதினோரு மணிக்கு மகாராஜநகர் வீட்டுக்கு வரணுமாம். அந்த அக்கா சொல்லச் சொல்லிச்சு."

"எதுக்காம்? பால் காய்ச்சுததைப் பாக்கதுக்கா?"

கணேஷ்ராம் அடுத்த டீயை ஆற்றத் தொடங்கினார். பாய் வண்டியை உதைத்தார். போய் நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட்டு வருவது என்றுதான் கிளம்பினார்.

அங்கே போனால் மாரிசெல்வம் மாடி வராந்தாவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். சுடலைவடிவு படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு துணிப்பை. கதவு திறந்திருந்தும் அவள் உள்ளே போகவில்லை.

"வந்துட்டாரா உன் ஆளு?" என்று மாரிசெல்வம் அவளிடம் வெடித்துவிட்டு பாய் பக்கம் திரும்பினார். "ஒரு மணி நேரமா என்னைக் காக்க வச்சிருக்கு பாய், இந்த அம்மா. டோக்கனைக் குடும்மான்னா, புரோக்கர் வராம குடுக்க மாட்டேங்குது. நான் நேத்தே சொல்லிட்டேன், அவருக்கு எட்டாயிரம் குடுக்காத, நானும் என் பங்கு கமிஷனைத் தர வேண்டியது இல்ல, வேணும்னா வாடகையில முதல் மாசம் ஐநூறு குறைச்சுக்கோன்னு. சரியா அறுபத்திரண்டு. அதுகிட்ட இருக்கதும் அதுதான். சொன்னா கேக்காம உக்காந்திருக்கு."

நாலு கேள்வி கேட்க வந்த மதார் பாய் வண்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு படி கீழேயே நின்றுவிட்டார்.

சுடலைவடிவு எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "முதலாளி, நாங்க கொழுந்து எடை போடுத இடத்துல ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி பறிச்ச கொழுந்தை இன்னொருத்தி பேர்ல எடை போட மாட்டோம். புருஷனுக்குச் சீக்கு, பிள்ளைக்குப் பீஸு, எந்தக் கஷ்டம் வந்தாலும் பக்கத்துக் கூடையில கை வைக்க மாட்டோம். கேட்டு வாங்கிக்கிடுவோம், அது வேற. இந்த வீட்டை எனக்குப் பறிச்சுக் குடுத்தது இவரு. இவரு பேர்லதான் எடை போடணும். எட்டாயிரம் இவருக்கு உள்ளது. அதை எடுத்து என் வீட்டு அட்வான்ஸுல சேத்தா, அந்த வீட்டுல நான் எப்படி உறங்குவேன்?"

"அப்ப மீதிக்கு எங்க போவ?"

"அது முடியலன்னா வீடு வேண்டாம். ஆனா அதை இவரு முன்னால வச்சுப் பேசணும். அதுக்குத்தான் வரச் சொன்னேன்."

அவளுக்கு அந்த வீடு எவ்வளவு வேண்டியது என்று பாய்க்குத் தெரியும். ஆடி பிறக்க ஐந்து நாள்தான் இருந்தது. ஏழு வீட்டில் இது ஒன்றுதான் தோதானது. இதை விட்டால் மகளின் வேலை போகும். அப்படிப்பட்ட வீட்டை, பத்து நாளைக்கு முன்பு வரை முன்பின் தெரியாத ஒரு புரோக்கரின் கூலிக்காகப் படியில் வைத்துப் பணயம் கட்டிக்கொண்டு நிற்கிறாள். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள், கும்பிட்டுப் பேசினவர்கள் அவரைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். ஒருத்தர்கூட அவருக்காக ஒரு மணி நேரம் காத்திருந்ததில்லை. மதார் பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கைக்குட்டையை எடுத்து வேர்வை துடைத்தார்.

"தங்கச்சி, என் கமிஷனை நாலாயிரமா..." என்று ஆரம்பித்தார். மேலப்பாளையத்து வீடு அந்த நொடியில் அவருக்கு ஞாபகம் இல்லை.

"அது வேண்டாம்" என்று அவள் வெட்டினாள். "எடையில தள்ளுபடி கிடையாது அண்ணாச்சி."

கமிஷனைக் குறைக்க வழியில்லை, அவளிடமும் இதற்கு மேல் காசில்லை. அப்படியென்றால் இனி ஒரே இடம்தான் இருக்கிறது. மதார் பாய் மாரிசெல்வத்தின் பக்கம் திரும்பினார். வீட்டுக்காரர் மனசு நோகக் கூடாது, நாளைக்கு அடுத்த வீட்டையும் தருவார் என்று ஒருநாளும் அட்வான்ஸில் அழுத்திப் பேசாத மனுஷன், அன்றைக்குத்தான் தன் வித்தையையெல்லாம் வெளியே எடுத்தார்.

"சார், இந்த வீடு எப்ப இருந்து பூட்டிக் கிடக்கு?"

"சித்திரையில இருந்து. அதுக்கென்ன?"

"மூணு மாசம். இருபத்து நாலாயிரம் போச்சு, அது திரும்ப வராது. இன்னும் அஞ்சு நாள்ல ஆடி. ஆடியில எவன் சார் குடி வாரான்? ஆவணியில ஆள் வந்து முடிக்கதுக்குள்ள இன்னொரு ரெண்டு மாச வாடகை போயிரும், பதினாறாயிரம். நான் சொல்லுதது தப்புன்னா சொல்லுங்க."

மாரிசெல்வம் நடையை நிறுத்திவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார். பாய் விடாமல் பேசினார்.

"அட்வான்ஸுங்கது யாரு காசு? இவங்க காசு. இன்னைக்கு ஐம்பது வாங்கினா நாளைக்கு நீங்கதான் எண்ணித் திருப்பிக் குடுக்கணும். வாடகை மட்டும்தான் உங்க காசு. உங்களுக்கு உள்ள வாடகையை விட்டுட்டு, அடுத்தவங்க காசைக் கூடப் பத்தாயிரம் வாங்கி வச்சு என்ன செய்யப் போறிய? அட்வான்ஸ்னா வாடகை பாக்கி நின்னா பிடிச்சுக்கிடதுக்கு. நாப்பதாயிரம்னா அஞ்சு மாச வாடகை. அடுத்தவன் கூலிக்கே வீட்டை வேண்டாம்னு சொல்லுத ஆளு, உங்களுக்கு வாடகை பாக்கி வைப்பாங்களா? இப்படி ஒரு குடித்தனக்காரங்களை நான் உங்களுக்கு எந்த ஊர்ல போயித் தேடுவேன்?"

கடைசிக் கேள்விதான் மாரிசெல்வத்தை அடித்தது. இரும்புக்கடையில் கடன் கொடுத்து ஆள் தரம் பார்த்துப் பழகினவர்தானே. சுடலைவடிவை மேலும் கீழும் ஒருதரம் பார்த்தார். படியில் நடந்ததெல்லாம் அவர் கண் முன்னாலேயே நடந்தது. வேறு சாட்சி வேண்டியதில்லை.

"சரி வே, நாப்பது. ஆனா நாளைக்கே பால் காய்ச்சிரணும்."

அட்வான்ஸ் நாற்பது, வாடகை எட்டு, கமிஷன் எட்டு, பத்திரம் ஐநூறு, லோடு வண்டி நாலாயிரம். அறுபதாயிரத்து ஐநூறு. பாய் சொல்ல வாயெடுப்பதற்குள் சுடலைவடிவு அதைச் சொல்லிவிட்டாள். "ஆயிரத்து ஐநூறு மிச்சம்" என்றபோது அவள் முகத்தில் முதல்தடவையாக ஒரு சிரிப்பு வந்தது. பெரிய சிரிப்பு. மாரிசெல்வமும் தன்னை அறியாமல் சிரித்துவிட்டார். தன் பங்கு கமிஷனையும் பாய்க்கு ஆவணியில் தருகிறேன் என்று சொன்னார். வீட்டுக்காரர்கள் சொல்லுகிற ஆவணி எந்த வருஷத்து ஆவணி என்று பாய்க்குத் தெரியும், ஆனாலும் அன்றைக்கு அது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

சுடலைவடிவு துணிப்பையைப் பிரித்தாள். டோக்கனுக்கு முன்னால் எட்டாயிரத்தை எடுத்து மதார் பாயிடம் நீட்டினாள். மாரிசெல்வம் டோக்கனை வாங்கிக்கொண்டு மோட்டார் ஸ்விட்சைப் பார்க்கக் கீழே இறங்கினார்.

படியில் இரண்டு பேரும் மட்டும் நின்றார்கள். மதார் பாய் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். இதைச் சொல்லாமல் இந்தப் பணத்தைப் பையில் போட அவரால் முடியவில்லை.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். நீங்க என்னைக் கழட்டி விட்டுட்டியன்னு நினைச்சு, காலையில கடையில வச்சு உங்களைப் பத்தி என்னவெல்லாமோ பேசிட்டேன். கேக்கக் கூடாத பேச்சு. அல்லா என்னை மன்னிக்கணும்."

"கேட்டேன்" என்றாள் அவள்.

பாய் நிமிர்ந்து பார்த்தார்.

"போன எடுக்கலைன்னு நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னு முதல் பஸ்ஸுக்கு வந்தேன். உங்க முதுகுக்குப் பின்னாலதான் நின்னேன். அட்டைன்னு சொன்னியள்லா, அப்ப இருந்து கடைசி வரைக்கும் கேட்டேன். டீக்கடை அண்ணாச்சிகிட்ட பதினோரு மணிக்கு வரச் சொல்லிட்டு வந்துட்டேன்."

"கேட்டுட்டுமா... கேட்டுட்டுமா எனக்காக இங்கன உக்காந்திருந்திய?"

"வருத்தமாத்தான் இருந்துச்சு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகிட்டேதான் போனேன். திரும்பி ஊருக்கே போயிருவோமான்னுகூட நினைச்சேன்." அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஆனா நீங்க என் கூட ஏழு வீடு நடந்தது நிசம்தான. வாய்க்கு வந்ததைப் பேசினதுனால நடந்தது இல்லன்னு ஆயிருமா? எண்ணிக்கிடுங்க அண்ணாச்சி. எண்ணாம வாங்கக் கூடாது."

மதார் பாய் எண்ணினார். பாதியில் கண்ணீர் மறைத்து எண்ணிக்கை தப்பிப்போயிற்று. மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். அவள் பொறுமையாக நின்றுகொண்டிருந்தாள்.